இ.எஸ்.ஐ. மகப்பேறு உதவித்தொகை: தகுதி, காலம், தொகை

“டிசம்பரில்தான் வேலையில் சேர்ந்தேன், ஆகஸ்டில் முதல் பிரசவம். இ.எஸ்.ஐ.யில் பணம் கிடைக்குமா, எவ்வளவு?”

முன்பே இ.எஸ்.ஐ.யில் இருந்தவரென்றால் கிடைக்கும்; முதன்முறையாகச் சேர்பவருக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதங்கள் முடிந்த பிறகே பலன் காலம் தொடங்குவதால், டிசம்பரில் சேர்ந்தவரின் ஆகஸ்ட் பிரசவத்துக்குக் கிடைக்காது. முன்பே இருந்தவருக்கு, பிரசவம் ஜூலை முதல் டிசம்பருக்குள் வருவதால், அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களான ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் இரண்டிலும் சேர்த்து 70 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால் போதுமானது. மார்ச் வரை 120 நாட்களுக்கு ஊதியம் பெற்றிருந்தால் தகுதி உறுதி. பலர் ஒவ்வொரு காலத்திலும் 70 நாட்கள் வேண்டுமெனத் தவறாக எண்ணி விண்ணப்பிக்காமலே விடுவது வருத்தத்துக்குரியது.

முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள். அதில் எட்டு வாரங்களுக்கு மேல் பிரசவத்துக்கு முன் எடுக்க இயலாது. ஏற்கெனவே இரு குழந்தைகள் இருப்பின் 12 வாரங்களே.

அந்த 120 நாட்களுக்கு ரூ.60,000 ஊதியமெனில் தினசரிச் சராசரி ரூ.500, ஞாயிற்றுக்கிழமைகளும் கணக்கில் சேர்வதால், 182 நாட்களுக்கு ரூ.91,000 வரும். அந்நாட்களில் ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது.