வித்தியாசம் சுருங்கிவிட்டது, விடை ஏன் இன்னும் தப்பு?

கேள்வி: 100×100 உட்புள்ளிகள் கொண்ட சதுரத் தகட்டின் நிலையான வெப்பநிலையைக் காஸ்-சைடல் முறையில் கணக்கிடுகிறேன். அடுத்தடுத்த சுற்றுகளின் வித்தியாசம் 0.000001க்குக் கீழே போனதும் நிறுத்துகிறேன். ஆனால் நேரடித் தீர்வோடு ஒப்பிட்டால் மூன்றாம் தசமத்திலேயே இடிக்கிறது. மூலைவிட்ட ஆதிக்கம் இருந்தால் கட்டாயம் ஒருங்கும் என்றுதானே படித்தோம்?

பதில்: ஒருங்கத்தான் செய்கிறது, ஆனால் ஆமை வேகத்தில். நீங்கள் பாதி வழியில் நிறுத்திவிடுகிறீர்கள்.

ஒவ்வொரு நிரையிலும் மூலைவிட்ட உறுப்பைத் தவிர மற்றவற்றின் எண்ணளவுகளைக் கூட்டி, மூலைவிட்ட உறுப்பின் எண்ணளவால் வகுத்துப் பாருங்கள். இந்த விகிதம் எந்த நிரையிலும் 0.5ஐத் தாண்டவில்லை என்றால், மிகப்பெரிய பிழை சுற்றுக்குச் சுற்று பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். 20 சுற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். உங்கள் அணியிலோ நடுவில் உள்ள புள்ளிக்கு மூலைவிட்டத்தில் 4, பக்கத்தில் நான்கு −1. விகிதம் சரியாக 1. விளிம்பை ஒட்டிய புள்ளிகளில் மட்டும், தெரிந்த வெப்பநிலை வலப்பக்கம் போய்விடுவதால், விகிதம் 0.75 அல்லது 0.5 ஆகிறது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பதால் ஒருங்குவதற்கு அந்தச் சில நிரைகளே போதும். ஆனால் பிழை வெளியேற விளிம்பைத் தவிர வேறு வழியில்லை. கட்டம் பெரிதாகப் பெரிதாக வேகம் படுத்துவிடும். (நான்கு விளிம்பிலும் வெப்பநிலைக்குப் பதில் வெப்பப் பாய்வை மட்டும் கொடுத்தால் அந்தச் சில நிரைகளும் போய்விடும், ஒரே விடை என்பதே இருக்காது.)

உங்கள் கட்டத்துக்கு ஒரு சுற்றில் பிழை சுருங்கும் விகிதம் cos²(π/101), அதாவது சுமார் 0.99903. ஒரு தசம இலக்கம் முன்னேறவே ஏறத்தாழ 2,400 சுற்று வேண்டும். நீங்கள் பார்க்கும் வித்தியாசம் ஒரு சுற்றில் நகர்ந்த தூரம்தான். இன்னும் போக வேண்டிய தூரம் அதைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு. அதனால்தான் 0.000001 என்பது 0.001 ஆகி நிற்கிறது. சமன்பாட்டில் விடையைப் போட்டு வரும் எச்சத்தைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே ஏமாற்றம்தான்.

எனவே கடைசி இரு வித்தியாசங்களையும் வைத்துப் பிழையை மதிப்பிட்டு, அதைக் கொண்டு நிறுத்துங்கள்:

```
r = d_new / d_old
err = d_new * r / (1 - r)
```

முதல் சில நூறு சுற்றுகளில் `r` நிலைகொண்டிருக்காது; அது மாறாமல் நிற்கத் தொடங்கிய பிறகே நம்பலாம்.

வேகம் வேண்டுமானால், காஸ்-சைடல் தரும் மாற்றத்தை ω மடங்காக்கிக் கூட்டுங்கள். உங்கள் கட்டத்துக்கு உகந்த ω = 2/(1+sin(π/101)), சுமார் 1.94. அப்போது ஓர் இலக்கத்துக்கு 40 சுற்று அளவில் முடியும். ω சற்றுக் கூடினால் பெரிய நட்டமில்லை. குறைந்தால்தான் வேகம் சட்டென விழும். 2ஐத் தொட்டால் ஒருங்கவே ஒருங்காது. இந்த முறையில் `r` ஏறி இறங்கும் என்பதால் மேலே சொன்ன மதிப்பீடு உதவாது. வித்தியாசத்தின் வரம்பை 0.00000001 என இறுக்கிவிடுங்கள்.