சுவரைத் தடிப்பாக்கினால் தகைவு குறைந்துகொண்டே போகுமா?

கேள்வி: உள்ளழுத்தம் தாங்கும் உருளையின் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால் தகைவும் குறைந்துகொண்டே போகுமா?

ஓரளவுக்குத்தான். உள் ஆரம் 50 மி.மீ., வெளி ஆரம் 100 மி.மீ., உள்ளழுத்தம் 60 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். மீள் நிலையில் r மி.மீ. ஆரத்தில் வளையத் தகைவு σθ, ஆரத் தகைவு σr இரண்டும் லாமே சமன்பாட்டின்படி மெகாபாஸ்கலில் இப்படி வரும்:

σθ = 20 + 200000/r²
σr = 20 − 200000/r²

உள் விளிம்பில் வளைய இழுவிசைத் தகைவு 100. வெளியே வெறும் 40. ஆரத் தகைவு அமுக்கமாக உள்ளே −60இல் தொடங்கி வெளியே பூச்சியமாகிறது. அதாவது உள் அடுக்குதான் பெரும்பாரத்தைச் சுமக்கிறது. உள்ளழுத்தத்தை உள் ஆரத்தால் பெருக்கிச் சுவர்த் தடிப்பால் வகுக்கும் மெல்லிய சுவர்ச் சூத்திரம் (pr/t) இங்கே 60 என்றுதான் காட்டும். அதை நம்பி வடிவமைப்பது ஆபத்து.

சரி, வெளி ஆரத்தை 200 ஆக்கினால்? சுவர் மூன்று மடங்கு தடிப்பாகியும் உள் விளிம்பில் 68 இருக்கும். எவ்வளவு கூட்டினாலும் அது 60க்குக் கீழே இறங்காது. அதனால்தான் பழைய பீரங்கிக் குழல்களில் வெளி வளையத்தைச் சூடாக்கி இறுக்கமாகப் பொருத்தி, உள் அடுக்கில் முன்கூட்டியே அமுக்கத்தை ஏற்றிவைத்தார்கள்.