சிங்கப்பூரில் மூத்தோர், மாணவர் கட்டணச் சலுகை: எங்கள் வீட்டில் யாருக்குக் கிடைக்கும்?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, நீண்டகால வருகை அனுமதியில் எங்களோடு இருக்கிறார். மாமியாருக்கு 61, அவர் நிரந்தரவாசி. மகன் அரசாங்கப் பள்ளியில் தொடக்கநிலை 3, சார்ந்தோர் அனுமதியில் இருக்கிறான். மகள் தனியார் கல்லூரியில் டிப்ளோமா, ஸ்டூடண்ட் பாஸ் வைத்திருக்கிறாள். பஸ், எம்ஆர்டி சலுகைக் கட்டணம் இவர்களில் யாருக்குக் கிடைக்கும்? என்ன ஆவணம் வேண்டும்?

பதில்:

நால்வரில் இருவருக்குத்தான் நிச்சயமாகக் கிடைக்கும்: மாமியாருக்கும் மகனுக்கும். மூத்தோர் சலுகைக்கு வயதோடு குடியுரிமை நிலையையும் பார்ப்பார்கள். மாணவர் சலுகைக்கோ எந்தக் கல்வி நிலையம் என்பதுதான் கேள்வி, எந்த நாட்டுக்காரர் என்பதல்ல. அதனால்தான் அப்பாவுக்கு இல்லாதது மகனுக்குக் கிடைக்கிறது.

அப்பாவை முதலில் பார்ப்போம். 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான் மூத்தோர் கட்டணம். நீண்டகால வருகை அனுமதியில் எத்தனை வருடம் இருந்தாலும், வயது 80 ஆனாலும் சலுகை இல்லாத பெரியவர் கட்டணம்தான். பாஸ்போர்ட்டையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு கவுன்டருக்குப் போவது வீண் அலைச்சல். மாமியாரின் அட்டையைக் கொடுத்து அனுப்பலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சலுகை அட்டை அதற்குரியவருக்கு மட்டும்தான், சோதனையில் பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டும். அப்பா காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர் என்றால் வேறொரு வழி இருக்கிறது. வேலை நாட்களில் 7.45 மணிக்கு முன் எம்ஆர்டி நுழைவாயிலில் அட்டையைத் தட்டினால் ரயில் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். அதற்கு வயதோ குடியுரிமையோ பார்ப்பதில்லை.

மாமியாருக்குச் சிக்கலே இல்லை. நீல நிற ஐசி ஒன்றே போதும், அதிலேயே பிறந்த தேதியும் நிரந்தரவாசி என்ற நிலையும் இருக்கின்றன. அசல் ஐசியோடு சிம்ப்ளிகோ டிக்கெட் அலுவலகத்துக்குப் போய் மூத்தோர் சலுகை அட்டையான பேஷன் சில்வர் அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அட்டை கைக்கு வந்த பிறகுதான் பலர் பணத்தை விடுகிறார்கள். கைப்பேசியிலோ வங்கி அட்டையிலோ தட்டினால், வயது 60 ஆனாலும் 90 ஆனாலும் பெரியவர் கட்டணம்தான் பிடிக்கப்படும். இயந்திரத்துக்கு மனிதரின் வயது தெரியாது, அட்டையின் வகை மட்டும்தான் தெரியும். ஆகவே பணப்பையில் வங்கி அட்டையும் சில்வர் அட்டையும் ஒட்டியபடி இருந்தால், பையோடு சேர்த்துத் தட்டாமல் சில்வர் அட்டையைத் தனியே எடுத்துத் தட்டட்டும். சரியாகப் பிடிக்கிறார்களா என்று பார்க்க, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணக் கணிப்பான் இருக்கிறது. ஏறும் இடம், இறங்கும் இடம் கொடுத்து, மூத்தோர் கட்டணத்தையும் பெரியவர் கட்டணத்தையும் பாருங்கள். அட்டையில் கழிந்த தொகை எதோடு ஒத்துப்போகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இதில் தூரம் கூடக்கூட லாபமும் கூடும். மூத்தோருக்கும் மாணவருக்கும் 7.2 கிலோமீட்டருக்குப் பிறகு தூரத்துக்கான கட்டணம் ஏறுவதில்லை. உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்கு வந்தாலும் 7.2 கிலோமீட்டருக்கு உரிய கட்டணமே. பெரியவர் அட்டையில் அது ஏறிக்கொண்டே போகும். அந்தச் சில்வர் அட்டையைச் சாலை கடக்கும் சில இடங்களில் விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் விநாடிகள் எரிவான். அதையும் மாமியாரிடம் சொல்லிவையுங்கள்.

மகனுக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கான ஸ்மார்ட்கார்டு பள்ளி வழியாகவே வரும், அதுவே சலுகை அட்டை. இன்னும் வரவில்லை அல்லது தொலைந்துவிட்டது என்றால் முதலில் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள்.

மகளின் விஷயத்தில்தான் ஏமாற்றம். ஸ்டூடண்ட் பாஸ் என்பது இங்கே தங்கிப் படிப்பதற்கான குடிநுழைவு அனுமதி, அதற்கும் பஸ் கட்டணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பாலிடெக்னிக், ஐடிஇ போன்றவற்றில் முழுநேரம் படிப்பவர்களுக்குச் சலுகை உண்டு, தனியார் கல்வி நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. டிப்ளோமா என்ற பெயரைப் பார்த்து ஏஜென்ட் யாராவது உறுதி சொல்லியிருந்தால், கல்லூரியின் மாணவர் சேவைப் பிரிவில் ஒரே கேள்வி கேளுங்கள்: 'இந்தக் கல்லூரியின் முழுநேர மாணவர்களுக்குப் போக்குவரத்துச் சலுகை அட்டை கிடைக்குமா?' இல்லை என்று சொன்னால் அட்மிஷன் கடிதம், கட்டண ரசீது எதைக் காட்டியும் பயன் இருக்காது. அடுத்த வருடம் அவள் பாலிடெக்னிக்குக்கு மாறினால், அப்புறம் புதிதாக விண்ணப்பிக்கலாம்.