குழந்தைக்கா அந்தப் பிரசங்கம்?

கேள்வி: எங்கள் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் சாமியார், ‘நீங்கள் கொடுக்கும் வாக்கு’ என்று பேசிக்கொண்டே போனார். மண்டபத்தில் பிரியாணி ஆறிவிட்டது. நாலு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா? ஞானத்தகப்பன் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர், அவருக்கும் ஒரே சங்கடம்.
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: மைத்துனர் சங்கடப்பட்டார் என்றால் அவர் காதில் விழுந்திருக்கிறது. நல்லது.

குழந்தை அங்கே எந்த வாக்கும் கொடுப்பதில்லை. பழைய லத்தீன் சடங்கில் கேள்வியைக் குழந்தையிடம் கேட்பார்கள், ஞானப்பெற்றோர் அதன் சார்பில் பதில் சொல்வார்கள். குழந்தைகளுக்கென்றே 1969இல் வந்த சடங்குமுறை அதை மாற்றிவிட்டது. இப்போது கேள்வி நேராக உங்களுக்கு. தொடக்கத்திலேயே, பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்கள், அது தெரிந்துதான் கேட்கிறீர்களா என்று பெற்றோரைக் கேட்பார்கள். அப்புறம் ஞானப்பெற்றோருக்கு ஒரே கேள்வி: இவர்களுக்கு உதவத் தயாரா? தண்ணீர் ஊற்றும் முன், சாத்தானை விலக்குவது பற்றியும் விசுவாசம் பற்றியும் கேட்கும்போது, நீங்கள் நாலு பேரும் சொல்வது உங்கள் சொந்த விசுவாசத்தை. பாஸ்கா திரியில் ஏற்றிய மெழுகுவர்த்தியையும் உங்களை நம்பித்தான் தருகிறார்கள். போட்டோகிராபர் அவசரப்படுத்துகிறார் என்று ‘ஆம், ஆம்’ என்று தலையாட்டுவது இந்த இடத்தில்தான்.

மைத்துனரைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? தாய்மாமன், செய்முறை குறையாது, சங்கிலி போடுவார். நம்மூர் வழக்கம், தப்பில்லை. ஆனால் சபைச் சட்டம் கேட்பது வேறு. ஞானத்தகப்பனுக்குப் பொதுவாக 16 வயது ஆகியிருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, அதற்கேற்ப வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெற்றோருக்கு ஏதாவது ஆனால் பிள்ளை ஞானத்தகப்பன் பொறுப்பு என்று ஊரில் சொல்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. அவர் கொடுத்தது உதவுவதாக ஒரு வாக்கு, அவ்வளவுதான்.

சிங்கப்பூரிலிருந்து எப்படி உதவுவது என்கிறீர்களா? போனில் பேசும்போது பிள்ளை கோயிலுக்குப் போகிறதா, மறைக்கல்வி வகுப்பில் சேர்த்தாயா என்று அவர் உங்களைக் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த உரிமையை நீங்கள்தான் கொடுத்தீர்கள். ஞானத்தாய் உள்ளூர்க்காரர் என்றால், முதல் நற்கருணைக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் பாதியை அவரிடம் விடுங்கள். முக்கால்வாசி வேலை, எப்படியும், உங்கள் இருவருடையதுதான்.

இன்னொன்று. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், பிள்ளை விசுவாசத்தில் வளரும் என்று நம்ப இடமிருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு அறவே இடமில்லை என்றால், காரணம் சொல்லி ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறது சட்டம். உங்கள் சாமியார் தள்ளிவைக்கவில்லை, பேசினார். பிரியாணியைச் சுடவைத்துக்கொள்ளலாம்.