வரம்பு மீறிய கட்டணம்: சம்மதம் கொடுத்தீர்களா என்பதே கேள்வி

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக ஒரு தவணைகூடத் தவறாமல் கிரெடிட் கார்டு பில் கட்டிவருகிறேன். கார்டின் வரம்பு 1,00,000. ஏற்கெனவே 62,000 பாக்கி இருந்தது. வெளியூர் விடுதி ஒன்றில் அறை எடுத்தபோது 20,000-ஐப் பிடித்துவைத்தார்கள்; கடைசியில் பில் 7,500 தான் வந்தது. இடையில் 30,000-க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினேன். கார்டு மறுக்கப்படவில்லை. இப்போது ஸ்டேட்மென்ட்டில் வரம்பு மீறிய கட்டணம் என்று வரியோடு 600 போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் என்னை ஏமாற்றுக்காரனைப் போல நடத்தினார். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா? அதுவரை பில்லைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா?

பதில்: பதினொரு ஆண்டு ஒழுங்கும், தொலைபேசியில் பேசியவரின் தொனியும் உங்களுக்கு வருத்தம் தருபவை என்பதில் ஐயமில்லை, ஆனால் அவற்றில் எதுவும் இந்த 600-ஐச் செல்லும் என்றோ செல்லாது என்றோ ஆக்காது. சட்டத்தின் கண்ணில் முதலில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வரம்புக்கு மேல் செலவழிக்கும் வசதிக்கு நீங்கள் வெளிப்படையான சம்மதம் கொடுத்திருந்தீர்களா, கொடுத்திருந்தால் எந்தத் தேதியில்? இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைகள், அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதமின்றி வரம்பு எந்த நேரத்திலும் மீறப்படக் கூடாது என்கின்றன. அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்மதம் இல்லாதபோதும் வங்கி பரிவர்த்தனையை அனுமதிக்கலாம், ஆனால் அதற்குக் கட்டணம் போடக் கூடாது. வழி வேறாயினும் இரண்டும் சம்மதத்தைத்தான் மையமாக வைத்திருக்கின்றன. எனவே கார்டு மறுக்கப்படவில்லை என்ற உண்மையைப் பெரிதாக்காதீர்கள்; அது வங்கியின் தீர்மானம், உங்கள் சம்மதத்துக்குச் சான்று ஆகாது.

ஆகவே, சம்மதம் பெற்ற தேதி, முறை, அதன் நகல் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கார்டு செயலியின் அமைப்புகளில் ஓவர் லிமிட் என்ற பொத்தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லையென்றால் வாதம் உங்கள் பக்கமாக அங்கேயே முடிந்துவிடும்.

சம்மதம் இருந்தால்தான் விடுதி பிடித்துவைத்த தொகையைப் பற்றிய இரண்டாவது வாதம் தேவைப்படும். விடுதி பிடித்த 20,000 கடன் அல்ல. கணக்கில் பதிவாகாமல், செலவழிக்க மீதமுள்ள தொகையை மட்டும் குறைக்கும் ஒரு முன் அனுமதி அது. 62,000, 20,000, 30,000 மூன்றையும் கூட்டினால் 1,12,000 வருகிறது. இந்தக் கணக்குப்படிதான் கணினி உங்களை வரம்பு மீறியவராகக் கண்டிருக்கும். ஆனால் விடுதி முடிவாகக் கேட்டது 7,500 என்பதால், பதிவான பாக்கி 99,500-க்கு மேல் போகவே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது, முடிவான பில் முன் அனுமதியின் எண்ணோடு பொருந்தி வராவிட்டால் ஹோல்டு எனப்படும் அந்தப் பழைய பிடித்தம் உடனே விலகாது. சில நாட்களுக்கு 20,000-மும் 7,500-மும் சேர்ந்தே வரம்பைத் தின்றுகொண்டிருக்கும். எனவே ஒப்பந்தத்தில் கட்டணம் எதன்மேல் விதிக்கப்படுகிறது என்று பாருங்கள். பதிவான பாக்கியின் மேல் என்றிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அனுமதிக்கப்பட்டு நிலுவையில் உள்ள தொகைகளையும் சேர்த்து என்றிருந்தால், சம்மதமும் கொடுத்திருந்தால், வழக்கு மெலிந்துவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். 99,500-உடன் அந்த 600-ஐச் சேர்த்தால் 1,00,100. அதாவது வங்கி போட்ட கட்டணமே உங்களை முதன்முறையாக வரம்பைத் தாண்ட வைத்திருக்கிறது. அந்தச் சுழற்சியில் வங்கியே போட்ட வட்டியாலும் கட்டணத்தாலும் மட்டும் வரம்பு மீறப்பட்டால் அதற்குக் கட்டணம் கூடாது என்று அமெரிக்க விதி தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் எங்கிருந்தாலும் இதைக் கடிதத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுதாவிட்டால் அடுத்த மாதமும் இதே தலைப்பில் ஒரு வரி வரக்கூடும்.

இனி, உங்கள் கேள்வியில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்கும் பகுதிக்கு வருகிறேன். பில்லை நிறுத்திவைக்கும் எண்ணத்தை உடனே கைவிடுங்கள். என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் நல்ல வழக்கைக் கெட்ட வழக்காக மாற்றிக்கொண்ட இடம் இதுதான். தகராறு 600-க்கு, நிறுத்துவதோ 1,00,100. கெடு தேதி தாண்டிய பிறகு தாமதக் கட்டணம் வரும், வட்டியில்லாக் காலம் போய்விடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், தவறிய தவணை கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் ஏறும். பின்னர் 600 செல்லாது என்று தீர்ப்பு வந்தாலும், மீதி 99,500-ஐக் கட்டாததற்கு உங்களிடம் பதில் இருக்காது. கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, ‘600-ஐ ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவதே பாதுகாப்பு.

முழுவதையும் கட்ட முடியாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவர்களுக்கு இதைவிட ஆழமான குழி ஒன்று இருக்கிறது. பல வங்கிகள் வரம்பு மீறிய தொகை முழுவதையும் அந்த மாதக் குறைந்தபட்சத்தில் சேர்த்துவிடுகின்றன. என் கட்சிக்காரர் ஒருவரின் வரம்பு 2,00,000. பெரிய பொருள் ஒன்றை வாங்கியதில் பாக்கி 2,18,000 ஆனது. மாதம் 11,000 தானாகக் கழியும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். அந்த மாதக் குறைந்தபட்சமோ மீறிய 18,000-ஐயும் சேர்த்து வந்திருந்தது. அவர் ஸ்டேட்மென்ட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. 11,000 கட்டியும் கட்டத் தவறியவர் ஆனார். அதன்பின் அவர் கொண்டுவந்த கட்டணத் தகராறு என் மேசையில் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

மூன்றாவது அபாயம் தொலைபேசியில் இருக்கிறது. மீண்டும் அழைத்தால், ‘இந்த முறை தள்ளுபடி செய்கிறோம், இனிமேல் கார்டு மறுக்கப்படாமலிருக்க ஓவர் லிமிட் வசதியைத் தொடரட்டுமா?’ என்று இனிமையாகக் கேட்பார்கள். நிம்மதியில் சரி என்று சொல்லிவிட்டால், இதுவரை இல்லாத சம்மதம் பதிவு செய்யப்பட்ட குரலில் வங்கியின் கையில் போய்ச்சேரும். அது பழைய கட்டணத்தை நியாயப்படுத்தாது என்றாலும், அடுத்த கட்டணத்துக்கு வழி திறந்துவிடும். பேசாதீர்கள், எழுதுங்கள், அந்த வசதி வேண்டாம் என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மன உளைச்சல் வழக்கைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், நான் அதை எடுக்க மாட்டேன். வழக்குக்கான செலவு 600-ஐ முதல் விசாரணையிலேயே கடந்துவிடும். இந்தியாவில் வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். அதைத் தாண்ட வேண்டியதில்லை. வங்கி 600-ஐயும் அதன்மேல் ஏறிய வட்டியையும் திருப்ப முன்வந்தால், அதை ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று அவர்கள் பெயரிட்டாலும் மறுக்காதீர்கள். திருப்பிய தொகை அடுத்த ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பை மூடுங்கள். சம்மத நகலை உங்கள் கையெழுத்தோடு வங்கி எடுத்துக் காட்டி, ஒப்பந்தமும் ஹோல்டைச் சேர்த்துக் கணக்கிடுவதாக இருந்தால், ஒரே ஒரு முறை தள்ளுபடி கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் கட்டிவிடுங்கள்.