பெயருக்குப் பிறகு ஒரு விநாடி

“கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்புக் குடும்பம். குழு விவாதத்தில் அறிமுகம் சொல்லும்போது யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.”

தம்பி, அந்த நேரத்தில் மதிப்பெண் போடுகிறவர்கள் தாளில் உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெயரை நிதானமாகச் சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்துங்கள், தலை தானாக நிமிரும். பட்டமும் மதிப்பெண்ணும் தாளிலேயே இருக்கும், அதை விடுங்கள். அப்புறம் நீங்கள் செய்த ஒரே ஒரு வேலை: “எங்கள் தோப்பின் தேங்காய்க் கணக்கை இரண்டு வருஷமாக நான் எழுதுகிறேன். ஆழியாற்றுத் தண்ணீர் தாமதமானால் வரவு எவ்வளவு குறையும் என்று தெரியும்.” ஆங்கிலத்தில் இதை 25 சொல்லுக்குள் அடக்கினால் பத்து விநாடிதான். ஆனால் நிஜமாகவே எழுதிய கணக்காக இருக்க வேண்டும். நேர்காணலில் “எவ்வளவு குறைந்தது?” என்று அங்கேதான் பிடிப்பார்கள். நான் அந்த இடத்தில் திணறியிருக்கிறேன்.