இரவில் கடை பூட்டும் ஒழுங்கு: பின்கதவிலிருந்து முன்பூட்டு வரை

கேள்வி: "நோர்வூட் பக்கத்தில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். பில் போடும் இயந்திரம் இல்லை. இரவு எட்டரைக்குப் பூட்டும்போது லாச்சியில் இருக்கும் காசு சரியா, குறைவா என்று ஒரு நாளும் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பின்கதவைப் போட்டேனா, மெயினை நிறுத்தினேனா என்று சந்தேகம் வருகிறது. மெயினை நிறுத்தினால் பிரிட்ஜும் நின்றுவிடுகிறது. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது? பூட்டும் புதிதாக வாங்க வேண்டும்."

பதில்: கடைசி வாடிக்கையாளர் போனதும் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, காசைத் தொடுவதற்கு முன் பின்கதவுக்குப் போங்கள். பெரும்பாலான கடைகளில் பின்கதவுதான் கடைசி வேலையாக விடப்படுகிறது. அதனால்தான் அது மறந்தும் போகிறது. நீங்கள் மேசையில் குனிந்து தாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் பத்து நிமிடமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் திறந்த கதவு ஒன்று இருக்கக்கூடாது. போகிற வழியில் அரிசி, மா மூட்டைகளின் பின்புறத்தையும் சாமான் அறையின் மூலையையும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டு, கையால் ஒரு தரம் இழுத்துப் பாருங்கள்.

கேஸ் சிலிண்டர் விற்பவராக இருந்தால், அந்த நடையிலேயே இன்னொரு வேலையும் முடிந்துவிடும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோரம் தேங்கும். ஆகவே சிலிண்டர்கள் இருக்கும் இடத்தில் நின்ற நிலையில் அல்லாமல், குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். வாடை வந்தால் எந்த சுவிச்சையும் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் சுவிச்சுக்குள் எழும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். கதவுகளைத் திறந்துவிட்டு, முடிந்தால் கசியும் சிலிண்டரை வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, விற்பனை முகவரை அழையுங்கள். கேஸை முகர்ந்து பார்க்கும் வேலை சுவிச்சுகளை நிறுத்தும் வேலைக்கு முன்பாக வர வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். இந்த இரண்டும் இடம் மாறினால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் மிகவும் கவனிக்க வேண்டியது, "சரியா குறைவா என்று தெரிவதில்லை" என்ற வரி. ஒவ்வொரு விற்பனையையும் எழுதாத கடையில் லாச்சியை எத்தனை தரம் எண்ணினாலும் அது தெரியாது. எண்ணினால் கிடைப்பது அன்றைய விற்பனைத் தொகை மட்டுமே. அந்தத் தொகை எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை லாச்சி சொல்லாது. அதைச் சரக்குதான் சொல்லும்.

முதலில் விற்பனையைக் கணக்கிடும் முறையைப் பார்ப்போம். காலையில் சில்லறைக்காக 5,000 ரூபா வைத்துத் திறந்தீர்கள். பகலில் பாண் வாகனத்துக்கு 4,200 ரூபாவும், மரக்கறிக்காரருக்கு 3,500 ரூபாவும் லாச்சியிலிருந்து கொடுத்தீர்கள். பழைய கடனில் இரண்டு பேர் 6,000 ரூபா கட்டினார்கள். இரவு எண்ணும்போது 38,640 ரூபா இருக்கிறது. இதனுடன் வெளியே கொடுத்த 7,700 ரூபாவைக் கூட்டினால் 46,340 ஆகும். அதிலிருந்து காலைச் சில்லறை 5,000 ரூபாவையும் பழைய கடன் 6,000 ரூபாவையும் கழித்தால், அன்றைய ரொக்க விற்பனை 35,340 ரூபா. பாண் வாகனத்துக்குக் கொடுத்ததை எழுத மறந்திருந்தால் விற்பனை 31,140 ரூபாவாகத் தெரியும்; "இன்றைக்கு வியாபாரம் இல்லை, காசு எங்கோ போகிறது" என்று மனம் வருந்தும். பழைய கடன் வந்ததை எழுதாவிட்டால் இல்லாத இலாபம் தோன்றும். காசு காணவில்லை என்று பலர் சொல்வது பெரும்பாலும் இந்த எழுதாத கொடுப்பனவுகளைத்தான். ஆகவே லாச்சியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரூபாவுக்கும், வீட்டுக்கு எடுக்கும் ஒரு பக்கெட் பாலுக்கும்கூட, அந்த நிமிடமே ஒரு துண்டுச் சீட்டு எழுதி லாச்சிக்குள்ளேயே போடுங்கள். இரவு தாள்களுடன் சீட்டுகளையும் சேர்த்து எண்ணினால் போதும்.

அடுத்ததாகச் சரக்கைக் கொண்டு அந்தக் கணக்கைச் சோதிக்க வேண்டும். முழுக் கடையையும் தினமும் எண்ணுவது நடக்கிற காரியம் அல்ல. விலை கூடியதும், சிறியதும், கைமாற இலகுவானதுமான நான்கைந்து பொருட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ரீலோட், சிகரெட், பால்மா பக்கெட், டோர்ச் பற்றரி, கேஸ் சிலிண்டர். காலையில் ரீலோட் மீதி 10,000 ரூபாவாக இருந்து, இடையில் எதுவும் சேர்க்காமல், இரவில் 6,350 ரூபாவாக இருந்தால், 3,650 ரூபாவுக்கு ரீலோட் போயிருக்கிறது. ரீலோட் காசை லாச்சியில் கலக்காமல் ஒரு சிறு தகர டப்பாவில் போடுவது என் உறுதியான ஆலோசனை. டப்பாவில் 3,150 ரூபாதான் இருக்கிறதென்றால், யாருக்கோ 500 ரூபாவுக்குக் கடனாகப் போட்டுவிட்டுக் கொப்பியில் எழுத மறந்திருக்கிறீர்கள். தொலைபேசியில் அன்றைய பரிமாற்றங்களைப் பார்த்தால் அது யாரென்று அப்போதே தெரியும். மறுநாள் கேட்டால் அவரும் மறுக்கமாட்டார். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இருவருக்குமே நினைவிருக்காது. சிகரெட்டும் இதே விதம்: காலையில் 74, பகலில் வாங்கியது 40, இரவில் 61 என்றால் விற்றது 53. அதற்குரிய பணத்தை முன்னைய நாட்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசம் தவறுதலாக இருக்கலாம். ஒரே பொருளில் ஒரே ஆள் கடையில் நிற்கும் நேரத்தில் மூன்று நாள் வித்தியாசம் வந்தால், அதை அமைதியாகக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கடன் கொப்பியையும் பூட்டும் முன்பே கூட்டி முடியுங்கள். பத்தாம் திகதிச் சம்பளத்தை ஒட்டிய நாட்களில் கொப்பியில் வெட்டுவதும் சேர்ப்பதுமாக இருக்கும்; அந்த இரவுகளில் கொப்பி பணத்தைவிடப் பெறுமதியானது, அதைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பணத்தில் மறுநாள் சில்லறையைத் தனியே கட்டி எடுத்துவிட்டு, மீதியையும் எடுத்துக்கொண்டு, வெறும் லாச்சியைத் திறந்தபடி விடுங்கள். உள்ளே வந்த கள்வன் பூட்டிய லாச்சியை உடைப்பான். திறந்து கிடக்கும் வெறும் லாச்சியை உடைக்கமாட்டான்.

மற்றச் சரக்கில் இரவு பார்க்க வேண்டியது அதிகமில்லை. மூட்டைகள் சுவரில் முட்டாமல் பலகை மேல் இருக்கின்றனவா, மிஞ்சிய பாணும் திறந்த மாவும் மூடியுள்ள பெட்டிக்குள் போய்விட்டனவா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பனியில் உப்பும் சீனியும் ஓர் இரவிலேயே கசிந்துவிடும், எலிக்கும் அந்த நேரம்தான் வசதி. யோகட்டையும் பால் பக்கெட்டுகளையும் திகதி பார்த்துக் காலாவதியானதைத் தனியே எடுத்துவிடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை சோதனைக்கு வரும்போது, விற்பனைத் தட்டில் இருக்கும் காலாவதிப் பொருளுக்கு "விற்க வைக்கவில்லை" என்ற விளக்கம் எடுபடாது.

மெயினை இரவில் நிறுத்த வேண்டாம். அதற்குப் பதிலாக, தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பிரிட்ஜுக்குத் தனிப் பிரேக்கர் ஒன்று போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கும் மற்ற பிளக்குகளுக்கும் உரிய பிரேக்கர்களை மட்டும் நிறுத்திவிட்டுப் போகலாம். நிறுத்துவதற்கு முன் பிளக்குகளின் மேல் கையை வைத்துப் பாருங்கள். கொதிகேத்தல் செருகியிருந்த பிளக் சூடாக இருந்தால் உள்ளே இணைப்புத் தளர்ந்திருக்கலாம், அதை மாற்ற வேண்டும். சாமிப் படத்தின் முன்னாலுள்ள விளக்குத் திரியும் சாம்பிராணிக் கரியும் முழுதாக அணைந்திருக்க வேண்டும். அட்டைப் பெட்டிகளுக்கு மேலே ஒரு பொறி விழுந்தால் மூடிய ஷட்டருக்குள் யாருக்கும் தெரியாமல் எரியும். டிரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள், ஆனால் காலையில் செய்யுங்கள். இரவில் அது திரும்ப ஏறாவிட்டால் பிரிட்ஜில் இருப்பது கெட்டுப்போகும்.

இரவில் கரண்ட் நீண்ட நேரம் போய் வந்ததா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சிறு கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாக் குற்றியை வைத்து, பிரீசருக்குள் விடுங்கள். காலையில் குற்றி மேலேயே இருந்தால் பனிக்கட்டி உருகவில்லை. குற்றி உள்ளே புதைந்திருந்தால், உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்படியானால் பிரீசரிலுள்ள ஐஸ்கிறீமையும் இறைச்சி வகைகளையும் விற்காதீர்கள்.

பூட்டு வாங்கும்போது, மழையும் பனியும் உள்ள நம் இடத்துக்கு உடல் பித்தளையாகவும் வளைவு கடினப்படுத்திய உருக்காகவும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வளைவு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ, கம்பி நுழைத்து நெம்புவது அவ்வளவு கடினம். பூட்டுக்கு அதிகம் செலவழித்துவிட்டு, அதைத் தாங்கும் கொண்டியைக் கவனிக்காமல் விடுபவர்கள் பலர். கொண்டியின் ஆணித்தலை வெளியே திருகும்படி இருந்தால் பூட்டைத் தொடாமலே கழற்றிவிடலாம். தலை வழவழப்பாக வெளியேயும் நட்டு உள்ளேயும் இருக்கும்படி மாற்றுங்கள். துவாரத்தில் எண்ணெய் விடாமல், பென்சில் கரித்தூளைச் சாவியில் தடவிப் பாவியுங்கள். எண்ணெய் தூசியைப் பிடித்துச் சில மாதத்தில் இறுகிவிடும். போட்ட பின் கீழ்நோக்கி ஒரு தரம் பலமாக இழுங்கள், ஏனெனில் பாதி விழுந்த பூட்டு பார்வைக்குப் பூட்டியதாகவே தெரியும்.

உங்கள் சந்தேகத்துக்கு மருந்தும் இந்தப் பூட்டுகளிலேயே இருக்கிறது. என் தகப்பனார் ஹட்டனில் கடை வைத்திருந்தபோது, பகலில் திறந்த பூட்டை ஷட்டர் வளையத்தில் தொங்கவிடும் வழக்கம் அவருக்கு இருந்தது. ஒரு நாள் அதே மாதிரியான வேறொரு பூட்டு அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இரவு பூட்டும் நேரம் சாவி உள்ளே திரும்பாததால்தான் தெரிந்தது. சாவியைப் போட்டுப் பார்க்காமல் அழுத்திவிட்டுப் போயிருந்தால், மாற்றியவன் தன் சாவியாலேயே திறந்திருப்பான். அன்றிலிருந்து காலையில் திறந்ததும் ஷட்டரின் இரண்டு பூட்டுகளையும் உள்ளே எடுத்துவந்து, ஒன்றைப் பின்கதவுத் தாழ்ப்பாளுக்குப் பக்கத்து ஆணியிலும், மற்றதை மெயின் பெட்டிக்குக் கீழேயுள்ள ஆணியிலும் மாட்டினார். நீங்களும் அப்படி மாட்டுங்கள். பின்கதவுக்கும் சுவிச்சுக்கும் போகாமல் முன்கதவைப் பூட்ட உங்கள் கையில் பூட்டு இருக்காது; வீட்டில் படுத்த பிறகு சந்தேகம் வந்தால், இரண்டு பூட்டும் ஷட்டரில் இருப்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.